பயிற்சி முடிந்ததும் எதைக் கேட்பது: எண் படிவமா, கேள்விச் சீட்டா, மூன்று வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பா?

சிறு நிறுவனங்களின் கணக்கர்களுக்கு நான் மாதந்தோறும் ஒருநாள் பயிற்சி ஒன்றை நடத்துகிறேன். சரக்கு மற்றும் சேவை வரித் தளத்திலிருந்து இறக்கும், சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான GSTR-2B அறிக்கையையும், தங்கள் அலுவலகத்துப் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் எக்செல்லில் ஒப்பிட்டு, எந்த பில் இரண்டிலும் இருக்கிறது, எது ஒன்றில் மட்டும் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். மாதம் 14-ஆம் தேதி 2B வரும். பெரும்பாலானவர்கள் 20-ஆம் தேதிக்குள் GSTR-3B என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். இடையில் இருக்கும் ஆறு நாளில் நூற்றுக்கணக்கான பில்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் அடித்துப் பார்ப்பவர்களுக்கு அந்த வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவது இந்தப் பயிற்சியின் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியதா என்று தெரிந்துகொள்ள நான் மூன்று வழிகளில் கருத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பயிற்சி நடத்துகிறவர், அலுவலகத்தில் ஒரு முறையை விளக்கிப் பேசுகிறவர் என யாராக இருந்தாலும், கருத்துக் கேட்க வேண்டிய நேரம் வரும்போது இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கும். எனவே மூன்றும் எனக்கு எதைச் சொல்லின, எதைச் சொல்லாமல் விட்டன என்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் பயிற்சியில் ஏற்பாட்டாளர்களிடம் ஏற்கெனவே இருந்த படிவத்தையே பயன்படுத்தினேன். "பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா", "பயிற்றுநர் தெளிவாக விளக்கினாரா", "அரங்க வசதி எப்படி" என்று வரிசையாகக் கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். கடைசியில் "வேறு கருத்துகள்" என்று இரண்டு கோடுகள். 24 பேர் வந்திருந்தார்கள். பயன் பற்றிய கேள்விக்கு 15 பேர் 5 கொடுத்தார்கள், ஏழு பேர் 4, இருவர் 3. சராசரி 4.54. வேறு கருத்துகள் என்ற இடத்தில் பாதிப் பேர் ஒன்றும் எழுதவில்லை. எழுதியவர்கள் "நன்று", "மிகவும் பயனுள்ளதாக இருந்தது", "இதுபோல் அடிக்கடி நடத்தவும்" என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். அந்த 24 தாள்களிலும் நான் அடுத்த மாதம் செயல்படுத்தக் கூடியதாக இருந்த ஒரே வாக்கியம் அதுதான்.

அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு உண்மையிலேயே மனநிறைவு இருந்திருக்கலாம். ஆனால் 4.54 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, காலைப் பகுதியை நீட்டுவதா, மாலைப் பகுதியைச் சுருக்குவதா, எந்தப் படியை மாற்றிச் சொல்வது என்று ஒரு முடிவும் எடுக்க முடியாது. 3 போட்ட இருவர் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்பதும் அதில் இல்லை. 5 போட்டவர்களில் எத்தனை பேருக்கு மறுநாள் மேசையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய வரும் என்பதும் இல்லை.

இத்தகைய மதிப்பெண் எதை அளக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை நல்ல சான்று. மருத்துவக் கல்வித் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு நடிகரை "டாக்டர் ஃபாக்ஸ்" என்ற பெயரில் பெரிய நிபுணராக அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் முதலியோர் முன் பேச வைத்தார்கள். பேச்சு முழுவதும் ஒன்றுக்கொன்று முரணான வாக்கியங்களும், பொருளற்ற சொற்களும், தொடர்பில்லாத நகைச்சுவையுமாகத் திட்டமிட்டே அமைக்கப்பட்டிருந்தது. பேச்சு முடிந்ததும் கேட்டவர்களிடம் படிவம் கொடுத்தபோது, பெரும்பாலானவர்கள் அவரைச் சாதகமாகவே மதிப்பிட்டார்கள். இந்த முடிவு 1973-இல் வெளியானது. கேட்டவர்கள் படித்தவர்கள், அந்தத் துறையிலேயே இருப்பவர்கள். ஆனால் படிவம் கேட்டது பேச்சு ஆர்வமூட்டியதா, சிந்தனையைத் தூண்டியதா என்பது போன்றவற்றைத்தான். அதற்கு அவர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் பேனா அங்கேயே நின்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு காரணமும் சேர்கிறது. சொல்லிக்கொடுத்தவரைப் பற்றிக் குறை எழுதுவதை நாம் மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். அதிலும் நன்றியுரை முடிந்து, சான்றிதழ் கையில் வாங்கி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று எழுந்து நிற்கும்போது தரப்படும் படிவத்தில், ஏற்பாட்டாளர் பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டிருக்கையில், எவரும் 2 போட மாட்டார்கள். நானே மற்றவர்களின் பயிற்சிகளுக்குப் போனபோது அப்படி 5 போட்டு வந்திருக்கிறேன்.

எனவே எண் படிவத்தை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், சாப்பாடு, அரங்கு, நேரம் போன்றவற்றுக்கும், ஒரே பயிற்சியைப் பல ஊர்களில் நடத்தும் நிறுவனம் எங்காவது ஓரிடத்தில் மதிப்பெண் திடீரென்று சரிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். சரிவு இருக்கிறது என்பதை அது காட்டும். ஏன் சரிந்தது என்பதை வேறு விதமாகத்தான் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது பயிற்சியில் படிவத்தை விட்டுவிட்டு, கால்பக்க அளவுள்ள ஒரு சீட்டுக் கொடுத்தேன். இந்த யோசனை எனக்குச் சொந்தமானதல்ல. ஹார்வர்டில் புள்ளியியல் கற்பித்த ஃபிரெடெரிக் மோஸ்டெல்லர், வகுப்பின் கடைசி சில நிமிடங்களில் மாணவர்களிடம் இன்றைய பாடத்தில் மிக முக்கியமானது எது, மிகவும் கலங்கலாக இருந்த இடம் எது, எதைப் பற்றி இன்னும் கேட்க விரும்புகிறீர்கள் என்று எழுதி வாங்கியதை 1989-இல் விவரித்து எழுதியிருக்கிறார். அவர் "கலங்கலாக இருந்ததா" என்று கேட்கவில்லை. "கலங்கலாக இருந்த இடம் எது" என்று கேட்டார். எந்த வகுப்பிலும் ஏதோ ஓர் இடம் கலங்கலாகத்தான் இருக்கும் என்பதைக் கேள்வியே ஒப்புக்கொண்டுவிடுவதால், பதில் எழுதுகிறவர் யாரையும் குறை சொன்னதாக ஆவதில்லை.

அதை எங்கள் ஊர்க் கணக்கர்களுக்கு ஏற்றவாறு மாற்றும்போது சொற்களைப் பற்றி நெடுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது. "எந்த இடம் புரியவில்லை" என்று கேட்டால், பத்து வருடம் கணக்கு எழுதியவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இளைஞர் பார்க்கும்படி "எனக்குப் புரியவில்லை" என்று எழுதமாட்டார். எனவே அந்தக் கேள்வியை இப்படி மாற்றினேன்: "நான் எந்தப் படியில் வேகமாகப் போய்விட்டேன் அல்லது சரியாகச் சொல்லவில்லை? கையேட்டில் உள்ள படி எண்ணை எழுதி, அங்கே உங்கள் திரையில் என்ன வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்." குறை இப்போது என் பக்கம் வந்துவிட்டது, எழுதுகிறவர் ஒரு சாட்சியாக மட்டும் இருந்தால் போதும். படி எண் கேட்டதற்கும் காரணம் உண்டு. எண் கேட்காவிட்டால் "ஃபார்முலா" என்று ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும். கையேட்டில் 14 படிகள் எண்ணிட்டு அச்சடித்திருந்ததால், அந்த எண்ணை எழுதுவது அவர்களுக்கும் எளிதாக இருந்தது.

இரண்டாவது கேள்வி: "இந்த மாதம் 2B வந்ததும், இன்று பார்த்தவற்றில் முதலில் எதைச் செய்வீர்கள்?" மூன்றாவது: "அடுத்த முறை அரை மணி நேரம் குறைக்க வேண்டியிருந்தால் எந்தப் பகுதியை எடுத்துவிடலாம்?" எல்லாமே நன்றாக இருந்தது என்ற பதிலுக்கு இந்தக் கேள்வியில் இடமில்லை. பாராட்டுகிறவர்கூட ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

சீட்டில் பெயர் எழுதத் தேவையில்லை என்று சொன்னேன். அதை மாலை 4.30-க்குக் கொடுக்காமல், கடைசிப் பகுதி தொடங்குவதற்கு முன் 4 மணிக்கே கொடுத்து, ஏழு நிமிடம் அரங்கில் நான் பேசாமல் இருந்தேன். முதல் இரண்டு நிமிடம் யாரும் எழுதவில்லை. கையேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில்தான் எழுதத் தொடங்கினார்கள். அந்த இரண்டு நிமிட மௌனம் பயிற்றுநருக்குச் சங்கடமாக இருக்கும்; அதைத் தாங்க முடியாமல் "ஒண்ணும் இல்லைன்னா விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டால் சீட்டு வெற்றுத்தாளாகத் திரும்பி வரும். எழுதியவற்றை அவர்களில் ஒருவரே ஒரு டப்பாவில் வாங்கினார்.

அன்றும் 24 பேர்தான். 11 சீட்டுகளில் ஒன்பதாம் படி என்று எழுதியிருந்தது. அவற்றில் ஒன்றை அப்படியே தருகிறேன்: "படி 9. ரெண்டு ஷீட்லயும் அதே பில் நம்பர் கண்ணுக்குத் தெரியுது. ஆனா #N/A வருது. நீங்க சொன்ன மாதிரி டெக்ஸ்ட்னு மாத்தியும் போகலை." ஐந்து பேர் வேறு ஒரு படியைக் குறிப்பிட்டிருந்தார்கள்; நான்கு பேர் அந்த வரியை வெறுமையாக விட்டிருந்தார்கள்; மீதி நான்கு பேர் ஆளுக்கொன்றாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சீட்டைப் படித்த பிறகு வீட்டில் கணினியைத் திறந்து ஒன்பதாம் படியை நானே செய்து பார்த்தேன். சிக்கல் இதுதான். பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் 457 என்று தட்டச்சு செய்தால் எக்செல் அதை எண்ணாக வைத்துக்கொள்கிறது; 2B-யிலிருந்து வரும் 457 எழுத்தாக இருக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எக்செல்லுக்கு வேறு வேறு. இதற்குத் தீர்வாக அந்தக் கலத்தின் வடிவத்தை டெக்ஸ்ட் என்று மாற்றச் சொல்லியிருந்தேன். ஆனால் வடிவத்தை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் எண் எண்ணாகவேதான் இருக்கும். மறுபடி தட்டச்சு செய்தால்தான் மாறும். அதாவது அவர்கள் தடுமாறவில்லை, நான் சொல்லிக்கொடுத்ததே தவறு. முதல் பயிற்சியிலும் இதே தவற்றைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதற்குத்தான் 4.54 வாங்கினேன். இந்தத் தவற்றின் விளைவும் சிறியதல்ல. தேடியது கிடைக்கவில்லை என்று பொருள்படும் #N/A வந்தால், சப்ளையர் இந்த பில்லைத் தன் கணக்கில் காட்டவில்லை என்று கணக்கர் பொருள்கொள்வார்; ஒன்று, காரணமில்லாமல் சப்ளையரிடம் சண்டைக்குப் போவார், அல்லது வாங்கும்போது கட்டிய வரிக்காக வரவேண்டிய இன்புட் கிரெடிட்டை அந்த மாதம் எடுக்காமல் விட்டுவிடுவார்.

மூன்றாவது பயிற்சியில் ஒன்பதாம் படியை மாற்றினேன். சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து, இரண்டு ஷீட்டிலும் தனியாக ஒரு பத்தி உருவாக்கச் சொன்னேன்:

```
=TRIM(A2)&"|"&TRIM(B2)
```

இப்படிச் சேர்த்துவிட்டால் எண்ணும் எழுத்தாகிவிடும், முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடமும் போய்விடும். 0457 என்று ஒரு பக்கமும் 457 என்று மறுபக்கமும் இருந்தால் மட்டும் இது உதவாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலான பில்கள் தீர்ந்துவிடும். அந்தப் பயிற்சிக்கு 25 பேர் வந்தார்கள். சீட்டில் ஒன்பதாம் படியைக் குறிப்பிட்டவர்கள் இருவர் மட்டுமே.

சீட்டுக்கும் குறைகள் உண்டு. கையெழுத்தை வாசித்து, ஒரே பொருளுள்ளவற்றைச் சேர்த்து எண்ண வேண்டும். 25 பேர் என்றால் அரை மணி நேரத்தில் முடியும், 200 பேர் என்றால் முடியாது. அப்படிப்பட்ட பெரிய அரங்குகளுக்கு எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. 1, 2, 3 என்ற எண்களுக்குப் பதிலாக, ஒரு நிலையை விவரிக்கும் வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லலாம். நான் சீட்டின் பின்பக்கத்தில் இப்படி அச்சடித்தேன்: "கையேடு இல்லாமலே தனியாகச் செய்துவிடுவேன்; கையேட்டைப் பார்த்துத் தனியாகச் செய்வேன்; தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்வேன்; எங்கே தொடங்குவது என்பதே இன்னும் தெளிவாக இல்லை." 4 என்ற எண்ணுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு, "தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்" என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பொருள்தான். மூன்றாவது வாக்கியத்தை ஏழு பேர் டிக் அடித்திருந்தார்கள் என்றால், அந்த ஏழு பேருக்கு இன்னொரு அரைநாள் வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் பேசலாம். எண்ணவும் எளிது, முடிவெடுக்கவும் உதவுகிறது. எந்தப் படியில் சிக்கல் என்பதை மட்டும் அது சொல்லாது. ஆகவே கூட்டம் சிறியதாக இருக்கும்வரை கைப்பட எழுதும் சீட்டையே நான் விரும்புகிறேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று சீட்டில் இருக்கிறது. அரங்கை விட்டு வெளியேறாத ஒருவருக்கு அரங்குக்குள் நடந்தது மட்டுமே தெரியும். தன் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று அவர் ஊகிக்கத்தான் முடியும். மூன்றாவது பயிற்சியில் கிடைத்த சீட்டுகள் அவ்வளவு நன்றாக இருந்தபோதும், பாடத்தில் இருந்த மிகப் பெரிய ஓட்டையை ஒருவர்கூடச் சுட்டிக்காட்டவில்லை; சுட்டிக்காட்டியிருக்கவும் முடியாது.

அதைத் தொலைபேசி அழைப்புகள்தான் காட்டின. பயிற்சிகளை மதிப்பிடுவதற்கு டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் தொடங்கி எழுதிய கட்டுரைகளில் நான்கு நிலைகளைப் பிரித்தார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு என்ன விளைந்தது. எண் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. சீட்டு இரண்டாம் நிலையைத் தொடுகிறது. மூன்றாம் நிலையை அறிய வேண்டுமானால் அவர்கள் வேலை செய்யும்வரை காத்திருந்து கேட்டாக வேண்டும்.

எப்போது கேட்பது என்பதை அந்த வேலையின் நாட்காட்டிதான் முடிவு செய்ய வேண்டும். பயிற்சி நடந்தது மாதம் 28-ஆம் தேதி. ஒரு வாரம் கழித்து, 5-ஆம் தேதி அழைத்திருந்தால், புதிய 2B வந்தே இருக்காது. எவரும் எதையும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். 18, 19 தேதிகளில் அழைத்தால் தாக்கல் நெருக்கடியில் போனை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் எரிச்சல்தான். எனவே 22-ஆம் தேதி அழைத்தேன். வேலை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எல்லாம் நினைவில் இருந்தது.

25 பேரையும் அழைக்கவில்லை. ஆர்வமாகக் கேள்வி கேட்டவர்களை மட்டும் அழைத்தால் நல்ல செய்திதான் வரும் என்பதால், வருகைப் பதிவேட்டில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று ஐந்துக்கு ஒருவராக ஐந்து பேரை எடுத்தேன். இப்படி அழைப்பேன் என்று பயிற்சியன்றே சொல்லி, விருப்பமில்லாதவர்கள் பெயரின் எதிரே ஒரு கோடு போடலாம் என்றும் சொல்லியிருந்தேன், யாரும் போடவில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

முதலாமவரிடம் தவறான கேள்வியோடு தொடங்கினேன். "பயிற்சி பயன்பட்டதா?" என்றேன். "ரொம்ப யூஸ் ஆச்சு சார், நன்றி சார்" என்றார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. சற்று நிறுத்தி, "இந்த மாசம் 2B எப்படிப் பாத்தீங்க? ஃபைலைத் திறந்ததுல இருந்து சொல்லுங்களேன்" என்று கேட்டேன். சிறிது தயங்கிவிட்டுச் சொன்னார்: "அது வந்து சார், நீங்க சொன்ன அந்த சேர்க்கிற ஃபார்முலா வந்துச்சு. அடுத்தது போட்டா #NAME? னு வருது. மூணு தடவை போட்டுப் பாத்தேன். டைம் இல்லை, பழையபடி பேனால டிக் அடிச்சிட்டேன்."

ஒப்பிடும் படிக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தது XLOOKUP. அது எழுத எளிது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பயிற்சிக் கூடத்துக் கணினிகளில் புதிய எக்செல் இருந்ததால் அங்கே எல்லோருக்கும் வந்தது. அவருடைய அலுவலகத்தில் இருப்பது எக்செல் 2013. அதில் அந்த ஃபார்முலாவே கிடையாது. இருக்காத ஃபார்முலாவை எழுதினால் எக்செல் #NAME? என்றுதான் காட்டும். தட்டச்சில் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டு, கூச்சத்தில் என்னை அழைத்துக் கேட்கவும் இல்லை. அழைத்த ஐந்து பேரில் இன்னொருவருக்கும் இதே கதைதான். மூன்றாமவர் முழுவதும் சரியாகச் செய்து முடித்திருந்தார். நான்காமவர் டாலியிலேயே 2B ஒப்பீடு செய்யும் வசதி இருப்பதைக் கண்டுபிடித்து அதில் செய்துவிட்டார்; அவருக்கு எங்கள் பயிற்சி தேவைப்பட்டிருக்காது. ஐந்தாமவருக்கு எக்செல்லில் எல்லாம் வந்திருக்கிறது, ஆனால் முதலாளி தாளில் டிக் அடித்ததைப் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவார் என்பதால் இரண்டு வேலையும் செய்திருக்கிறார்.

ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இதை வைத்து 25 பேரில் பத்துப் பேருக்கு #NAME? வந்திருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ஆனால் ஒருவருக்கு வந்தாலே போதும், அது பாடத்தில் இருக்கும் ஓட்டைதான். தொலைபேசியில் தேடியது விகிதத்தை அல்ல, காரணத்தை. ஐந்து பேரிடம் கிடைத்த அந்த மூன்று காரணங்களில் ஒன்றைக்கூட ஐந்நூறு எண் படிவங்கள் தந்திருக்க முடியாது.

தொலைபேசியிலும் மரியாதைப் பொய் வரும். முதலாமவரின் முதல் பதிலே அதற்குச் சான்று. வரும் பதில் உண்மையா என்று அறிய நான் கவனிப்பது ஒன்றே. பதிலில் கோப்பு, பத்தி, தேதி, திரையில் வந்த எழுத்து என்று ஏதாவது ஒரு பொருள் இருக்கிறதா, அல்லது "நல்லா", "ரொம்ப", "சூப்பர்" என்பவை மட்டும்தானா? பின்னது மட்டும் இருந்தால், அவரைச் சங்கடப்படுத்தாமல், செய்த வேலையை முதலிலிருந்து சொல்லச் சொல்ல வேண்டும். செய்யாதவர் அங்கே தானாகவே "இன்னும் செஞ்சு பாக்கலை சார்" என்று சொல்லிவிடுவார், "பரவாயில்லை, எது தடுத்துச்சு?" என்பதுதான் அதற்கு அடுத்த கேள்வி. ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும்; எது தடுத்தது என்று கேட்டால் அவர் தடையைப் பற்றிப் பேசுவார்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். ஒரே ஒரு வழிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் முடிவு பயிற்சியின் தன்மையைப் பொறுத்தது. கேட்டவர்கள் வேலையிடத்தில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நடத்தப்படும் பயிற்சியும், அதைத் திரும்பத் திரும்ப நடத்தப்போகிறோம் என்ற நிலையும் இருந்தால், சீட்டைக்கூட விட்டுவிட்டு ஐந்து அழைப்புகளைச் செய்வேன். ஒரு முறை மட்டும் பேசிவிட்டு வருகிற விளக்கவுரை என்றால், மூன்று வாரம் கழித்துச் சரிசெய்ய அங்கே ஒன்றும் இருக்காது. அதற்குச் சீட்டே சரி, அதிலும் கலங்கலான இடம் பற்றிய கேள்வி ஒன்றே போதும். அந்தப் பதில்களுக்கு மறுநாளே எல்லோருக்கும் சேர்த்து ஒரு விளக்கத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட முடியும். பேச்சு முடிந்ததும் மேடையிலிருந்து "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பதைப் பலர் கருத்துக் கேட்பதாகவே நினைக்கிறார்கள், அங்கே பேசுகிறவர் எப்போதும் பேசுகிற ஒருவர்தான் என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை.

நிறுவனம் எண் படிவத்தைக் கட்டாயம் கேட்கிறது என்றால் அதோடு சண்டை போட வேண்டியதில்லை. அந்தப் படிவத்தின் "வேறு கருத்துகள்" என்ற இரண்டு கோடுகளின் மேல், "பயிற்றுநர் வேகமாகப் போய்விட்ட படி எண் எது, அங்கே திரையில் என்ன வந்தது?" என்று அச்சடிக்க அனுமதி கேளுங்கள். அந்த ஒரு வரிக்கு மறுப்புச் சொன்ன ஏற்பாட்டாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான்காவது பயிற்சியில் XLOOKUP-ஐ எடுத்துவிட்டு, பழைய எக்செல்லிலும் ஓடும் VLOOKUP-ஐக் கொண்டுவந்தேன். பதிவுப் படிவத்தில் "உங்கள் அலுவலகக் கணினியில் உள்ள எக்செல் எந்த ஆண்டுடையது" என்ற கேள்வியும், "2B ஒப்பீட்டை டாலியில் செய்கிறீர்களா" என்ற கேள்வியும் சேர்ந்தன. முதலாளிக்குத் தாள் வேண்டும் என்றவரை நினைத்து, பொருந்தாத பில்களை மட்டும் ஒரே பக்கத்தில் அச்சடிக்கும் படி ஒன்றைப் பதினைந்தாவதாகச் சேர்த்தேன். மூன்றாவது பயிற்சிக்கு வந்த 25 பேருக்கும் இரண்டு வரிச் செய்தி ஒன்று அனுப்பினேன்: "#NAME? என்று வந்தால் தவறு உங்களுடையது அல்ல. இந்த ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள்." அன்று மாலைக்குள் நான் அழைக்காதவர்களில் நான்கு பேர் தாங்களாகவே பதில் எழுதினார்கள்; அவர்களில் ஒருவர், அவரது சீட்டில் எந்தச் சிக்கலையும் குறிப்பிடாதவர், தன் திரையைப் படமெடுத்து அனுப்பி, "இது வந்துடுச்சு சார், ஆனா கிரெடிட் நோட்டை எப்படிப் பாக்கறது?" என்று கேட்டிருந்தார்.